பட்டையைப் பார்த்துப் பெயர் சொல்லுதல்: தெரு மரங்களைப் பதிவு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் தெரு மரங்களைப் படமெடுத்துப் பெயரிட்டுப் பதிவு செய்துவரும் தன்னார்வலர் குழுக்களுக்கு,



தாவரவியல் நூல்கள் ஒரு மரத்தின் பெயரைப் பூவையும் காயையும் இலையையும் கொண்டே தீர்மானிக்கின்றன. சென்னை மாகாணத்தின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பெருநூலில், அதைத் தொடங்கிய கேம்பிளும் முடித்துவைத்த ஃபிஷரும் மரத்தை இனங்காண்பவரிடம் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் பூவின் உறுப்புகளைப் பற்றியவை. பட்டை அங்கே அரிதாகவே விசாரிக்கப்படுகிறது. ஆனால் அதே கேம்பிள், வனத்துறை அதிகாரி என்ற முறையில் இந்திய மரக்கட்டைகளுக்கு எழுதிய கையேட்டில் பட்டையின் நிறத்தையும் பரப்பையும் குறிக்கத் தவறவில்லை. காட்டில் பணிபுரிபவரின் கண்ணெதிரே நிற்பது பூவன்று, அடிமரமே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நகரத் தெருவில் பதிவேட்டோடு நிற்பவரின் நிலையும் ஏறக்குறைய அதுதான். இலைக்கூட்டம் மூன்றாம் மாடியின் உயரத்தில் இருக்கிறது, தாழ்ந்த கிளைகள் மின்கம்பிக்காக வெட்டப்பட்டிருக்கின்றன, பூக்கும் பருவமோ வந்தவுடன் போய்விடுகிறது. ஆகவே பெயர் கேட்டு வரும் படங்களில் மிகப் பல, மார்பளவு உயரத்தில் எடுக்கப்பட்ட பட்டைப் படங்களாகவே இருக்கின்றன. அத்தகைய ஒரு படத்தை எந்த வரிசையில் படிப்பது, எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திக்கொள்வது என்பவையே இம்மடலின் பொருள்.

பட்டை என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே பொருளன்று. மரக்கட்டையை அடுத்து, இலையில் உருவான உணவைக் கீழே கொண்டுசெல்லும் உயிருள்ள உட்பட்டை இருக்கிறது. அதற்கு வெளியே தக்கையை உண்டாக்கும் மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. அந்த வளர்படலம் வெளிப்புறமாக ஈன்று தள்ளும் செல்கள் இறந்து, நீர் புகாத தக்கையாகி, படத்தில் தெரியும் மேற்பரப்பாக அமைகின்றன. உள்ளேயிருக்கும் கட்டை தொடர்ந்து பருத்துக்கொண்டே போக, இறந்த தக்கை விரிந்துகொடுக்க இயலாததால், அது ஒன்று கிழிய வேண்டும் அல்லது உதிர வேண்டும். எப்படிக் கிழிகிறது, எப்படி உதிர்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறுவதால்தான் பட்டையைக் கொண்டு பெயர் சொல்ல முயல்வதற்கே இடம் உண்டாகிறது. முதலில் தோன்றிய வளர்படலம் நெடுங்காலம் உயிரோடிருந்து மரத்தோடு சேர்ந்து விரியுமானால் பட்டை வழவழப்பாகவே நீடிக்கும். அது செயலிழந்து, உள்ளே புதிய வளர்படலங்கள் தோன்றினால், அவற்றுக்கு வெளியே அகப்பட்ட பகுதி உணவின்றி இறந்து, கொய்யாவில் மெல்லிய செம்புநிறத் தோலாகவும் வெள்ளை மருதில் அகன்ற ஏடுகளாகவும் பிரிந்து விழும். உதிராமல் அடுக்கடுக்காகச் சேருமானால், மரமல்லியில் காண்பதுபோல, மென்மையான தடித்த மேடுகளும் அவற்றுக்கிடையே ஆழ்ந்த பிளவுகளும் உண்டாகும். எனவே ஒரு படத்தின் முன் எழுப்ப வேண்டிய முதற்கேள்வி, இந்தப் பட்டை விரிகிறதா, உதிர்கிறதா, பிளந்து நிற்கிறதா என்பதே.

நிறம் இதற்கு வெகுவாகப் பின்னால்தான் வர வேண்டும். ஆனால் அனுப்பப்படும் குறிப்புகளில் அதுவே முதலில் நிற்கிறது, அதுவும் பெரும்பாலும் ‘சாம்பல் நிறம்’ என்ற ஒரே சொல்லாக. சென்னைத் தெருமரங்களில் மிகப் பல அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும் என்பதால் அது எதையும் விலக்க உதவுவதில்லை. மேலும் படத்தில் தெரியும் நிறம் பலவேளை பட்டையினுடையதே அன்று. மழையில் நனைந்த பட்டை இரண்டு மூன்று படி கறுத்துத் தெரியும்; ஈரம் தங்கும் பக்கத்தில் பாசி பச்சையாகப் படரும்; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரினமான கற்பாசி, வெளிறிய வட்டத் திட்டுகளாக ஒட்டிக்கொண்டு, மரமே புள்ளியிட்ட பட்டை உடையதுபோல் ஏமாற்றும். சாலையோர மரத்தின் அடியில் அடிக்கப்பட்ட சுண்ணாம்பு, வேம்பிலும் அரசிலும் பூசப்பட்ட மஞ்சளும் குங்குமமும், கிழிக்கப்பட்ட சுவரொட்டியின் பசை, வாகனப் புகை ஆகியவை அனைத்தும் தம் நிறத்தைப் பட்டைக்குக் கொடுத்துவிடுகின்றன. தெருவிளக்கின் மஞ்சள் ஒளியில் இரவில் எடுத்த படத்தில் நிறத்தைப் பற்றிப் பேசுவதே வீண். உலர்ந்த நாளில், நேர்வெயில் படாத நிழலில், பாசி குறைந்த பக்கத்தில் எடுத்த படம் ஒன்றே நிறத்தைக் குறித்துச் சாட்சி சொல்லும் தகுதி உடையது.

நிறத்துக்கு நிழல் வேண்டும். பிளவுக்கோ சாய்ந்த வெயில் வேண்டும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் ஒளி விழும்போது பிளவின் ஆழம் நிழலாகத் தெரியும். உச்சிவேளையில் அல்லது செல்பேசியின் மின்னொளியில் எடுத்த படத்தில் ஆழ்ந்த பிளவும் வெறும் கோடாகத் தட்டையாகிவிடும். எனவே ஒரு மரத்துக்கு ஒரு படம் போதாது. வனத்துறையினர் மரத்தின் சுற்றளவை அளக்கும் உயரமான 1.37 மீட்டரில், அடிமரத்தின் முழு அகலமும் அடங்க ஒரு படம், அதே இடத்தில் நெருங்கி ஒரு படம், அடிமரம் கிளைகளாகப் பிரியும் இடத்தை நோக்கி மேல்நோக்கி ஒரு படம் ஆகிய மூன்றும் தேவை. நெருங்கி எடுக்கும் படத்தில் அளவு காட்டும் பொருள் ஒன்று இருக்க வேண்டும். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயத்தைப் பட்டையோடு சேர்த்துப் பிடித்தாலே போதும். அளவில்லாத படத்தில் விரல் நுழையும் பிளவுக்கும் நகக்கீறல் அளவுள்ள பிளவுக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

இனி ஒரு படத்தை முழுதாகப் படித்துப் பார்க்கலாம். மயிலாப்பூரில் மாட வீதிகளை ஒட்டிய ஒரு தெருவில், மதில் ஓரமாக நிற்கும் நடுத்தர வயதுள்ள மரம் ஒன்றின் நெருக்கப் படம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பரப்பு வெளிர்ந்த பழுப்புச் சாம்பல். அதில் இலேசான காவி மஞ்சள் கலந்திருக்கிறது. செங்குத்தான பிளவுகள் உள்ளன. ஆனால் அவை மேலிருந்து கீழ்வரை ஓடவில்லை. ஒவ்வொன்றும் நாணயத்தின் விட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளமே உடையதாய், நடுவில் அகன்று இரு நுனியிலும் குறுகி, ஓடத்தின் வடிவில் தனித்தனியே நிற்கிறது. ஒரு பிளவுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட பரப்பு ஏறக்குறைய வழவழப்பாகவே இருக்கிறது.

இத்தகைய படத்துக்கு முதலில் வரும் பதில் பெரும்பாலும் ‘வேம்பு’ என்பதாகவே இருக்கும். தெரிந்த மரத்தின் பெயர் முன்னால் வந்து நிற்பது இயல்பு. வேம்பின் பட்டையும் சாம்பலில் தொடங்கிக் கருஞ்சாம்பலாவது உண்மையே. ஆயினும் முதிர்ந்த வேம்பில் பிளவுகள் நெடுக்கிலும் சாய்விலும் நீண்டு ஓடி ஒன்றையொன்று சந்திப்பதால், இடைப்பட்ட மேடுகள் பின்னிக்கொண்டு தோன்றுமே தவிர, பிளவுகளுக்கிடையே வழவழப்பான வெளி எஞ்சுவதில்லை. பிளவின் அடியில் செம்பழுப்பும் தெரியக்கூடும். படத்திலுள்ள தனித்தனிப் பிளவுகளோடு இது பொருந்தவில்லை. அடுத்து இலுப்பையை எண்ணிப் பார்த்தால், அதன் பட்டை இன்னும் கறுத்தது, செங்குத்தாக வெடித்துச் சிறு செதில்களாகப் பிரிவது. மகிழ மரமோ வயது முதிர முதிரக் கருமை கொண்டு, நெருக்கமான நெடுவெடிப்புகளும் அவற்றை வெட்டும் குறுக்கு வெடிப்புகளுமாகச் சொரசொரப்பாகிவிடுவது. இவ்விரண்டிலும் காவி மஞ்சள் சாயல் எதிர்பார்க்கத் தக்கதன்று. மரமல்லியில் மஞ்சட்சாம்பல் உண்டு. ஆனால் அதன் தக்கை மேடுகள் தடித்து, ஓரம் மழுங்கி இருப்பவை. மட்டமான தக்கையாகப் பயன்படுத்தப்பட்ட அளவுக்கு அவை தடிமனானவை.

எஞ்சுவது புன்னை. ஓடவடிவப் பிளவும், பிளவுகளுக்கிடையே வழவழப்பும், காவி மஞ்சள் சாயலும் ஒருங்கே அமைவது அதன் அடையாளம். கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை என்பதால், இந்த முடிவு இடத்துக்கும் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பொருத்தத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வதில் ஆபத்து உண்டு. மயிலை என்றால் புன்னை என்ற முன்னறிவு, பட்டையைப் பார்ப்பதற்கு முன்பே பெயரைக் கையில் கொடுத்துவிடும், அதன்பின் எந்தப் பிளவும் ஓடமாகவே தெரியும். இடத்தைப் பற்றிய செய்தியைப் படம் படித்து முடித்த பிறகே திறந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

முடிவைச் சோதிக்க மூன்றாவது படம், அதாவது மேல்நோக்கி எடுத்தது, பயன்படுகிறது. அடிமரத்தில் உயரே போகப் போகப் பட்டை இளையது. ஆகவே ஒரே மரத்தில் அந்த இனத்தின் பல வயதுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காண இயலும். மரம் புன்னையானால், மேலே பிளவுகள் இன்னும் குறுகி, இன்னும் விலகி, கிளைகளில் ஏறக்குறைய இல்லாமலே போக வேண்டும். இதன் மறுபக்கம்தான் பதிவேடுகளில் மிகுதியாகத் தவறு நேரும் இடம். புன்னை முதிரும்போது ஓடவடிவப் பிளவுகள் நீண்டு அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பழைய கோயில் வளாகத்திலோ பழைய வீட்டுத் தோட்டத்திலோ நிற்கும் பெரும்புன்னையின் அடிப்பகுதியில் தொடர்ச்சியான மேடுகளும் பள்ளங்களும் மட்டுமே தெரிவதால், அந்த ஒரு படத்தை வைத்து அதை வேம்பு என்று எழுதிவிடுவது எளிது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே எடுத்த படம் ஒன்றிருந்தால், அங்கே இன்னும் கலக்காத ஓடங்கள் தென்பட்டு அந்தத் தவறைத் தடுத்துவிடும்.

பட்டையில் காயம் பட்ட இடத்தில் உலர்ந்து நிற்கும் கசிவும் படத்தில் விழுந்திருந்தால் பேருதவி. புன்னையில் கசிவது மஞ்சள் அல்லது மஞ்சட்பச்சைச் சாயல் கொண்ட பிசின். வேம்பில் தேன்நிறப் பிசின். இலுப்பையிலும் ஆல், அரசு, அத்தி ஆகியவற்றிலும் வெண்பால். இதைப் பார்ப்பதற்காகப் பட்டையைக் கீறுவது கூடாது. உணவு கொண்டுசெல்லும் உயிர்ப்பட்டை தக்கைக்கு மிக அருகிலேயே இருப்பதால், அடையாளத்துக்காகச் செய்யும் கீறல் மரத்துக்குக் காயமாகிவிடும். முன்பே அடிக்கப்பட்ட விளம்பரத் தகட்டின் ஆணியைச் சுற்றியும் கட்டப்பட்ட கம்பியின் ஓரத்திலும் கசிவு உறைந்து நிற்பதை நகரமே, வருந்தத்தக்க தாராளத்தோடு, வழங்கிவைத்திருக்கிறது.

இதிலிருந்து தழும்புகளுக்கு வரலாம். பட்டையிலுள்ள அடையாளங்களில் மிக உறுதியானவை இவையே என்று சொல்லலாம். ஆனால் மரமே இட்டுக்கொண்ட தழும்பையும் மனிதரோ காற்றோ இட்ட தழும்பையும் முதலில் பிரித்தாக வேண்டும். அடிமரத்திலேயே பூத்துக் காய்க்கும் மரங்கள் சில உண்டு. அத்தியில் காய்க்கொத்துகள் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தோன்றுவதால், காயில்லாத காலத்திலும் அங்கே முடிச்சுகள் போன்ற புடைப்புகள் நிற்கும். வழவழப்பான பட்டையில் அத்தகைய புடைப்புகள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தால், ஆலையும் அரசையும் விலக்கிவிட்டு அத்தியை எண்ணலாம். நாகலிங்கத்தின் அடிமரத்தில் பூந்தண்டுகள் நீண்டு முறுக்கிக்கொண்டு தொங்குவதால், படத்தில் அவை விழுந்திருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. தென்னையில் அடிமரத்தைச் சுற்றி வளையமாக நிற்பவை விழுந்த மட்டைகளின் தழும்புகள். பனையிலும் தென்னையிலும் மற்ற மரங்களைப்போல் கட்டையைப் பருக்கச் செய்யும் வளர்படலம் கிடையாது என்பதால், அங்கே பிளவைத் தேடுவதைவிட வளையங்களின் இடைவெளியைப் பார்ப்பதே பொருளுடையது. இளம் இலவ மரத்தின் பசிய அடிமரத்தில் நிற்கும் கூம்பு வடிவ முள்களும், உதிர்ந்த பின் அவை விட்டுச்செல்லும் தடங்களும் இதே வகையில் உறுதியானவை. இவற்றோடு பட்டைத்துளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; தக்கை நீரையும் காற்றையும் தடுத்துவிடுவதால் உள்ளிருக்கும் உயிர்த்திசு மூச்சுவிடுவதற்காக அமைந்த இத்துளைகள், வழவழப்பான பட்டையில் புள்ளிகளாகவோ குறுங்கோடுகளாகவோ தெரியும்.

மறுவகைத் தழும்புகள் எந்த மரத்தின் பெயரையும் சொல்ல உதவாதவை. கிளையை அறுத்த இடத்தில் ஓரத்திசு உருண்டு உள்நோக்கி வளர்ந்து கண்போன்ற வட்டத்தை உண்டாக்கும். இதை எந்த மரமும் செய்யும். 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயல், நகரின் மரங்களை ஆயிரக்கணக்கில் வீழ்த்தியதோடு, நின்றவற்றின் கிளைகளையும் பிய்த்தெறிந்தது. அவ்வாறு பிய்ந்த இடம் அறுத்ததைப்போல் வட்டமாக இராமல், பட்டையோடு கீழ்நோக்கி உரிந்து, நீண்ட ஒழுங்கற்ற வடுவாக ஆறும். அத்தகைய வடுவின் விளிம்பில் புதிதாக வளர்ந்த பட்டை மரத்தின் மற்றப் பட்டையைவிட இளையது என்பதால், அந்தப் பகுதியை மட்டும் நெருங்கி எடுத்த படம், முதிர்ந்த மரத்தை வழவழப்பான பட்டையுள்ள வேறொரு மரமாகக் காட்டிவிடும்.

பட்டை ஒன்றை மட்டும் கொண்டு பிரிக்க முடியாத மரங்களும் உண்டு என்பதைக் குழுக்கள் வெட்கமின்றிப் பதிவேட்டில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இவ்வட்டாரங்களின் நிழற்சாலைகளில் அடிக்கடி எதிர்ப்படும் மூன்று மரங்களான தூங்குமூஞ்சியும், பெருங்கொன்றை என்றும் வழங்கும் இயல்வாகையும், குல்மொகரும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தூங்குமூஞ்சியின் முதிர்ந்த பட்டை கறுத்து, நெடுக்கிலும் குறுக்கிலும் வெடித்து, கரடுமுரடாக இருப்பதால் அதைப் பிரித்துவிடலாம். மற்ற இரண்டோ சாம்பல் நிறமும், பட்டைத்துளைப் புள்ளிகளும், வயதானபின் மெல்லிய வெடிப்புகளும் கொண்டு, ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்பவை. இங்கே எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் படத்திலிருந்து நியாயமாகக் கிடைப்பது இரண்டில் ஒன்று என்ற விடையே. மரத்தடியில் கிடக்கும் காய் ஒன்று அதைத் தீர்த்துவிடும்: இயல்வாகையினுடையது விரல் நீளத்துக்கு மெல்லிய செம்புநிறத் தகடு, குல்மொகரினுடையது முழங்கை நீளத்துக்குக் கட்டைபோன்ற கறுத்த தட்டைக்காய். இளமரங்களில் நிலைமை இன்னும் கடினம். பிளவு தொடங்காத வயதில் பூவரசும் புங்கையும் இன்னும் பலவும் வழவழப்பான சாம்பல் தண்டுகளே. வேறொரு வகைச் சிக்கல் ஆலில் நேர்கிறது. அடையாறு பிரம்மஞான சபையின் புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் சாய்ந்துவிட்டது. இன்று அங்கே தூண்களாக நிற்பவை தரையில் ஊன்றிப் பருத்த விழுதுகள். அவற்றில் ஒன்றின் நெருக்கப் படம் ஆல் என்ற பெயரைத் தரலாம், ஆனால் அதன் பருமனை வைத்து மரத்தின் வயதைப் பேசுவதற்கு எந்த அடிப்படையும் தராது.

ஆகவே பதிவேட்டில் பெயருக்கு அடுத்து இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும். முதலாவதில், பெயர் எந்த அடையாளத்தின்மேல் நிற்கிறது என்பதைச் சில சொற்களில் எழுத வேண்டும். மேற்கண்ட மயிலாப்பூர் மரத்துக்கு ‘தனித்த ஓடவடிவப் பிளவு, இடையில் வழவழப்பு, காவி மஞ்சள் சாயல்’ என்பது போதும். இரண்டாவதில், எந்தெந்தப் பெயர் விலக்கப்பட்டது, எது விலக்கப்படவில்லை என்பதைக் குறிக்க வேண்டும்: ‘வேம்பு, இலுப்பை, மகிழம், மரமல்லி விலக்கப்பட்டன, உயரப் படம் இல்லை, உதிர்ந்த இலை பார்க்கப்படவில்லை’. அடுத்த முறை அவ்வழியே செல்லும் தன்னார்வலர், மரத்தடியில் தடித்துப் பளபளக்கும் இலையொன்றை எடுத்து, நடுநரம்பின் இருபுறமும் எண்ண முடியாத நெருக்கத்தில் இணைகோடுகளாக ஓடும் பக்க நரம்புகளைக் கண்டால், கடைசிக் குறிப்பை அடித்துவிட்டு நாளைக் குறித்துக்கொள்ளலாம். அத்தகைய இலை கிடைக்காமல், வேம்பின் பல்விளிம்புச் சிற்றிலைகளே மரத்தடி முழுவதும் கிடந்தால், அருகில் வேறொரு வேம்பு நிற்கிறதா என்பதை அண்ணாந்து பார்த்த பிறகே பெயரை மாற்ற வேண்டும்.